மிக்சரின் கூட்டுநிலையில் கெயின் கணக்கும் அளவும் ஒத்துப்போகாதபோது: 2-ஆம் காலிலிருந்து தொடங்கும் பிழைதேடல்

திருநெல்வேலிப் பக்கத்தில் கோயில் கொடைக் காலம் நெருங்கும்போது பழுதுபார்க்க வரும் மைக் செட்டுகளில் பாதிக்கு மேல் உள்ளூரிலேயே கையால் கட்டப்பட்ட சிறிய மிக்சர்கள் இருக்கும். வில்லுப்பாட்டுக்கு மூன்று மைக்குகள் போதும்: புலவருக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மைக்கும் ஒரு முன்பெருக்கிக்குச் செல்கிறது. அங்கிருந்து 50 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலின் நடுக்கால் வழியாகவும், பிறகு ஒரு 10 கிலோ ஓம் மின்தடை வழியாகவும் வந்து, மூன்று வழிகளும் ஒரே இடத்தில் சேர்கின்றன. சேரும் இடம் 741 ஆப்-ஆம்பின் 2-ஆம் கால், அதாவது தலைகீழாக்கும் உள்ளீடு. வெளியீடான 6-ஆம் காலிலிருந்து அதே 2-ஆம் காலுக்கு 100 கிலோ ஓம் பின்னூட்ட மின்தடை திரும்பி வருகிறது. 3-ஆம் கால் எர்த்தில் இருக்கிறது. மின்வழங்கி கூட்டல் கழித்தல் 15 வோல்ட். இந்த ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, அதன் கெயினைச் சுற்றுப்படத்திலிருந்து எப்படிக் கணக்கிடுவது என்பதையும், கணக்குக்கு மாறாகப் பெட்டி நடந்துகொள்ளும்போது குற்றம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் இங்கே பார்க்கலாம்.

முதலில் கணக்கு. 741-இன் உட்பெருக்கம் நேர்மின்னோட்டத்தில் சுமார் 2,00,000. வெளியீட்டில் 10 வோல்ட் நிற்க வேண்டுமானால் 2-ஆம் காலுக்கும் 3-ஆம் காலுக்கும் இடையே 50 மைக்ரோவோல்ட் வேறுபாடு இருந்தாலே போதும். பின்னூட்டம் வேலை செய்து, வெளியீடும் தன் எல்லையைத் தொடாமல் இருக்கும் வரை, ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை நகர்த்தி நகர்த்தி 2-ஆம் காலை 3-ஆம் காலின் அழுத்தத்துக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. 3-ஆம் கால் எர்த்தில் இருப்பதால் 2-ஆம் காலும் எர்த் போலவே நிற்கிறது. ஆனால் எர்த்தோடு எந்தக் கம்பியாலும் அது இணைக்கப்படவில்லை. இதைத்தான் வெர்ச்சுவல் எர்த் என்கிறோம். அங்கே அழுத்தம் சுழியம் என்பதால் 10 கிலோ ஓம் வழியாக வரும் மின்னோட்டம் உள்ளீட்டு அழுத்தத்தை 10 கிலோ ஓமால் வகுத்த அளவு. அந்த மின்னோட்டம் ஆப்-ஆம்பின் காலுக்குள் நுழைவதில்லை என்றே கொள்ளலாம். ஆகவே முழுவதும் 100 கிலோ ஓம் வழியாகவே வெளியேற வேண்டும். அதற்கு வெளியீடு எதிர்த்திசையில் அத்தனை வோல்ட் இறங்கியாக வேண்டும்.

```
I    = Vin / R1
Vout = -I * Rf
Gain = -Rf / R1 = -100k / 10k = -10
```

மூன்று உள்ளீடுகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் கெயின் −10 தான். மற்ற இரண்டு 10 கிலோ ஓம்களின் ஒரு முனை வெர்ச்சுவல் எர்த்தில் இருப்பதால் அவை இந்த வழியின் மின்னோட்டத்தில் பங்கு கேட்பதில்லை. வெளியீட்டோடு இணைக்கப்படும் சுமை மின்தடையும், சில சுற்றுப்படங்களில் 3-ஆம் காலுக்கும் எர்த்துக்கும் இடையே போடப்படும் சில கிலோ ஓம் மின்தடையும் இந்தக் கணக்கில் வருவதில்லை. புதிதாகப் படிப்பவர்கள் படத்தில் கண்ட மின்தடைகளையெல்லாம் கணக்கில் சேர்த்துக் குழப்பிக்கொள்வது இந்த இரண்டிடத்தில்தான்.

குறி: கணக்கு −10 என்கிறது, அளந்தால் பாதிகூட வரவில்லை

ஒரு வழியை மட்டும் திறந்து, மற்ற இரண்டையும் சுழியத்தில் வைத்துவிட்டு, வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனையில் 1 கிலோஹெர்ட்ஸில் 200 மில்லிவோல்ட் கொடுப்பதாகக் கொள்வோம். கன்ட்ரோலைச் சரிபாதியில் வைத்தால் நடுக்காலில் 100 மில்லிவோல்ட் கிடைக்கும், அது பத்து மடங்காகி 1 வோல்ட் வெளிவரும் என்பது மேலோட்டமான கணக்கு. ஆசிலோஸ்கோப் காட்டுவதோ ஏறத்தாழ 0.44 வோல்ட். இதைக் கண்டதும் சிப்பைக் கழற்றி மாற்றுகிறார்கள். புதிய சிப்பும் அதே 0.44 வோல்ட்டையே தருகிறது.

குற்றம் சிப்பில் இல்லை. 2-ஆம் கால் எர்த் போல நிற்பதால், முன்னால் உள்ள கன்ட்ரோலின் பார்வையில் அந்த 10 கிலோ ஓம் மின்தடை நேரே எர்த்துக்குப் போட்ட சுமைதான். தலைகீழாக்கும் சுற்றின் உள்ளீட்டு மின்தடை மெகா ஓம் கணக்கில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது; R1 எவ்வளவோ அவ்வளவுதான். சரிபாதியில் நிற்கும் 50 கிலோ ஓம் கன்ட்ரோலை நடுக்காலிலிருந்து திரும்பிப் பார்த்தால் மேலே 25 கிலோ ஓம், கீழே 25 கிலோ ஓம். முன்பெருக்கியின் வெளியீட்டு மின்தடை சிறிது என்பதால் இரண்டும் இணையாகி 12.5 கிலோ ஓம் ஆகின்றன. ஆகவே 100 மில்லிவோல்ட் தரும் ஓர் அழுத்த மூலம், அதனோடு 12.5 கிலோ ஓம், அதற்குப் பின் 10 கிலோ ஓம், அதன் பின் வெர்ச்சுவல் எர்த் என்று படத்தை மாற்றி வரைந்துகொள்ள வேண்டும்.

```
I    = 0.1 / (12.5k + 10k) = 4.44 uA
Vout = -4.44 uA * 100k     = -0.444 V
```

இதை உறுதிசெய்ய ஒரே ஓர் அளவு போதும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுக்காலில், அதாவது 10 கிலோ ஓமின் இடது முனையில் அளந்தால் 100 மில்லிவோல்ட்டுக்குப் பதிலாக 44 மில்லிவோல்ட் இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து வெளியீடு வரை கெயின் சரியாகப் பத்து. கெயின் எந்தப் புள்ளியிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைப் படத்தில் குறித்துக்கொள்ளாமல் கணக்கும் அளவும் ஒத்துவரவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. கன்ட்ரோலின் குமிழ் நடுவில் நிற்பது மின்தடை பாதியில் நிற்பதாகாது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒலிக்கான லாக் வகைக் கன்ட்ரோல்களில் இரண்டும் வெகுவாக வேறுபடும்.

திருத்தம் வேண்டுமானால் கன்ட்ரோலை 5 கிலோ ஓமாக மாற்றலாம். அப்போது பாதியில் 1.25 கிலோ ஓம் மட்டுமே சேர்வதால் வெளியீடு 0.89 வோல்ட்டுக்கு வந்துவிடும்; ஆனால் முன்பெருக்கி அந்தக் கூடுதல் சுமையை ஓட்ட வல்லதா என்று பார்க்க வேண்டும். மாறாக R1-ஐ 100 கிலோ ஓமாகவும் Rf-ஐ 1 மெகா ஓமாகவும் உயர்த்துபவர்களும் உண்டு. கெயின் மாறாது என்றாலும், 741-இன் உள்ளீட்டுக் கால் இழுக்கும் 80 நானோஆம்பியர் அளவிலான மின்னோட்டம் 1 மெகா ஓம் வழியாக ஓடி வெளியீட்டை 80 மில்லிவோல்ட் நகர்த்திவிடும், இரைச்சலும் கூடும். நான் இந்த இரண்டாவது வழியை விரும்புவதில்லை.

குறி: பாட்டு கேட்கிறது, ஆனால் 2-ஆம் காலில் அலையே தெரியவில்லை

இது குற்றமே இல்லை. சுற்று நலமாக இருப்பதன் அடையாளம். இருந்தும் 2-ஆம் காலில் சிக்னல் வரவில்லை என்று 10 கிலோ ஓமைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. 1 கிலோஹெர்ட்ஸில் 741-இன் உட்பெருக்கம் 2,00,000 இல்லை, ஏறத்தாழ 1,000 தான். எனவே வெளியீட்டில் 1 வோல்ட் இருக்கும்போது 2-ஆம் காலில் 1 மில்லிவோல்ட் இருக்கும், அது ஆசிலோஸ்கோப்பின் இரைச்சலில் கரைந்துபோகும். மல்டிமீட்டரில் ஓரிரு மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம் தெரிந்தால் அது சிப்பின் ஆஃப்செட், அதையும் பொருட்படுத்த வேண்டாம்.

அந்தக் கால் எர்த்தில்தானே இருக்கிறது என்று ஒரு கம்பியால் அதை உண்மையான எர்த்தோடு சேர்த்துவிடுவது மட்டும் கூடாது. அப்படிச் செய்தால் சிப் கெடாது. ஆனால் பின்னூட்டம் செத்துவிடும், வெளியீடு ஆஃப்செட்டின் திசையில் போய் எல்லையில் ஒட்டிக்கொள்ளும். அலை தெரியவில்லை என்பதிலிருந்து உள்ளீடு வந்து சேர்கிறது என்றும் முடிவுகட்ட முடியாது: 10 கிலோ ஓம் முறிந்திருந்தாலும் 2-ஆம் கால் அதே அமைதியோடு சுழியத்தில்தான் நிற்கும், வெளியீடும் சுழியத்தில் நிற்கும்.

வெளியீடு வராதபோது குற்றம் சிப்பின் பக்கமா, உள்ளீட்டின் பக்கமா என்று பிரித்தறிய ஆசிலோஸ்கோப் இல்லாத கடைகளுக்கும் ஒரு வழி உண்டு. மலிவான மல்டிமீட்டர்களில் மாறுமின்னழுத்தத்தின் மிகச் சிறிய வீச்சே 200 வோல்ட் என்பதால் மில்லிவோல்ட் அலைகளை அவற்றால் அளக்க இயலாது. அதற்குப் பதிலாக நேர்மின்னோட்டத்தால் சோதிக்கலாம். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையை எர்த்தில் வைத்து, நேர்முனையை ஒரு 100 கிலோ ஓம் மின்தடை வழியாக 2-ஆம் காலில் தொட வேண்டும். வெர்ச்சுவல் எர்த் உண்மையாக நிற்குமானால் இது நான்காவது உள்ளீடாகச் சேர்ந்துகொள்ளும், அதன் கெயின் −1. வெளியீடு சரியாக 1.5 வோல்ட் கீழிறங்கும். மற்ற மூன்று வழிகளும் எந்த நிலையில் இருந்தாலும் இந்த விடை மாறாது. அவ்வாறு இறங்கினால் சிப்பும் பின்னூட்ட மின்தடையும் நலம், குற்றம் 10 கிலோ ஓமிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. 0.15 வோல்ட் மட்டுமே இறங்கினால் Rf-இன் இடத்தில் 10 கிலோ ஓம் போடப்பட்டிருக்கிறது: பழுப்பு, கறுப்பு, மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு.

குறி: வெளியீடு 13 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை

இங்கே வெர்ச்சுவல் எர்த் இல்லை. ஆகவே கெயின் கணக்கு செல்லாது. ஆனால் மின்தடைகள் அழுத்தத்தைப் பங்கிடும் விதி எப்போதும் செல்லும், அதைக் கொண்டே குற்றவாளியைப் பிடிக்கலாம். மூன்று வால்யூம்களையும் சுழியத்துக்கு இறக்கிவிட்டால் 2-ஆம் காலிலிருந்து எர்த்துக்கு மூன்று 10 கிலோ ஓம்கள் இணையாக நிற்கும், அதாவது 3.33 கிலோ ஓம். வெளியீட்டின் 13 வோல்ட் 100 கிலோ ஓம் வழியாக இதன்மேல் இறங்கினால் சந்திப்பில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

```
V2 = 13 * 3.33 / (100 + 3.33) = 0.42 V
```

இப்போது 2-ஆம் காலை அளக்க வேண்டும். சுழியம் காட்டினால் 100 கிலோ ஓம் வழியாக எதுவும் வரவில்லை என்று பொருள். மின்தடை முறிந்திருக்கலாம், அல்லது அதன் காலில் ஈயம் பிடிக்காமல் இருக்கலாம். அந்த மின்தடையின் இரு முனைகளையும் அளந்து, 13 வோல்ட் எந்த இடத்தில் மறைகிறது என்று பார்த்தால் போதும்.

2-ஆம் காலில் 0.42 வோல்ட் இருந்தால் பின்னூட்டப் பாதை முழுமையாக இருக்கிறது. அப்போது 2-ஆம் கால் 3-ஆம் காலைவிட உயரத்தில் இருப்பதால், நலமான சிப் வெளியீட்டைக் கீழே இழுத்திருக்க வேண்டும்; இழுக்கவில்லை. அடுத்து 3-ஆம் காலை அளக்க வேண்டும். அது சுழியத்தில் இல்லாமலோ, மீட்டர் முனையை வைத்ததும் வெளியீடு வேறொரு நிலைக்குத் தாவினாலோ, 3-ஆம் காலின் எர்த் இணைப்பு அறுந்து அது அந்தரத்தில் நிற்கிறது. அதுவும் சரியாகச் சுழியத்தில் இருந்தால், சிப்பைக் குறை சொல்வதற்கு முன் 4-ஆம் காலில் −15 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எதிர் மின்வழங்கியின் டயோடோ ஃபியூஸோ போய்விட்ட பெட்டியில் வெளியீட்டால் கீழே இறங்கவே முடியாது. அதுவும் சரி என்றால்தான் சிப் கெட்டது.

மூன்றாவதாக ஒரு நிலை உண்டு: 2-ஆம் கால் சுழியத்தில் இருக்கிறது, 0.42 வோல்ட் 3-ஆம் காலில் இருக்கிறது. இது கையால் கட்டிய பலகைகளில் உள்ளீடுகள் இடம் மாறியதன் அடையாளம். பின்னூட்டம் நேர்வழியாகத் திரும்புவதால் சுற்று ஏதாவது ஒரு பக்கம் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. சில சுற்றுப்படங்களில் முக்கோணத்தின் மேல்பக்கம் கழித்தல் குறியும், சிலவற்றில் கூட்டல் குறியும் வரையப்படுவதே இதற்குக் காரணம். படத்தில் மேலே கீழே என்று இடத்தை வைத்துப் படிக்காமல், பின்னூட்ட மின்தடை வந்து சேரும் காலின் குறியைப் படிக்க வேண்டும்.

குறி: குடத்தின் வால்யூமைத் திருப்பினால் புலவரின் குரல் மாறுகிறது

எனக்கு மிகவும் பிடித்த குற்றம் இதுதான், ஏனென்றால் வெர்ச்சுவல் எர்த் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இது துல்லியமாகக் கேட்கிறது. சரியான சுற்றில் ஒரு வழி மற்றொன்றைத் தொடக்கூடாது என்று மேலே பார்த்தோம். தொடுகிறது என்றால் மூன்று 10 கிலோ ஓம்களும் சேரும் புள்ளி உண்மையில் 2-ஆம் கால் அல்ல. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு மின்தடை புகுந்திருக்கிறது. வழிகளைத் தனிப் பலகையில் கட்டி, கம்பியாலும் கனெக்டராலும் இணைத்திருக்கும் மிக்சர்களில், குறிப்பாக உவரி போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் நின்றவற்றில், அந்தக் கனெக்டரில் பச்சை பிடித்திருப்பதைக் காணலாம்.

அங்கே 10 கிலோ ஓம் அளவுக்குத் தடை புகுந்துவிட்டதாகக் கொள்வோம். மற்ற இரண்டு வால்யூம்களும் சுழியத்தில் இருக்கும்போது, சேரும் புள்ளியிலிருந்து எர்த்துக்கு இரண்டு 10 கிலோ ஓம்கள், வெர்ச்சுவல் எர்த்துக்கு ஒரு 10 கிலோ ஓம். மூன்றும் இணையாகி 3.33 கிலோ ஓம். புலவரின் வழியில் வால்யூம் முழுதாக இருந்தால் உள்ளீட்டில் கால்பங்கு மட்டுமே அந்தப் புள்ளியில் நிற்கும், கெயின் −10-இலிருந்து −2.5-க்கு விழுந்துவிடும். இப்போது மற்ற இரண்டையும் சரிபாதிக்கு உயர்த்தினால் அவற்றின் வழி ஒவ்வொன்றும் 22.5 கிலோ ஓம் ஆகிவிடுவதால் வெளியே கசியும் மின்னோட்டம் குறைகிறது; புலவரின் கெயின் −3.46-க்கு ஏறுகிறது. அவற்றை முழுதாகத் திறந்தால் மறுபடியும் −2.5. அதாவது பக்கத்து வால்யூம் நடுவில் இருக்கும்போது குரல் உயர்ந்து, இரு கோடிகளிலும் தாழ்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. ஆசிலோஸ்கோப்பில் 2-ஆம் காலைப் பார்த்தால் அலை இல்லை. மூன்று மின்தடைகளும் சேரும் பொதுக்கம்பியைப் பார்த்தால் உள்ளீட்டில் கால்பங்கு அலை நிற்கிறது. இரண்டும் ஒரே கம்பி என்றால் இரண்டிலும் ஒன்றே தெரிய வேண்டும். பேட்டரிச் சோதனையை இரண்டு இடத்திலும் செய்து பார்த்தாலும் தெரியும்: 2-ஆம் காலில் தொட்டால் 1.5 வோல்ட் முழுதாக இறங்கும், பொதுக்கம்பியில் தொட்டால் அதைவிட மிகக் குறைவாகவே இறங்கும்.

குறி: தாழ்ந்த ஒலியில் கெயின் சரி, உடுக்கையின் கூர்மையான அடிகளில் மட்டும் ஓசை மழுங்குகிறது

இதில் இரண்டு எல்லைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அதிர்வெண் ஏற ஏற உட்பெருக்கம் குறைவது. 741-க்கு உட்பெருக்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். மூன்று வழிகளும் சேர்ந்த நம் சுற்றில் 2-ஆம் காலைப் பிடித்து வைக்கச் செலவாகும் பெருக்கம், ஒரு வழியின் கெயினான 10 அல்ல, 100-ஐ 3.33-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டிய 31. ஆகவே கெயின் சரியத் தொடங்கும் இடம் சுமார் 32 கிலோஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாத உயரம். வழிகளை எட்டு, பத்து என்று கூட்டிக்கொண்டே போனால்தான் இது கேட்கும் எல்லைக்குள் இறங்கி வரும்.

இரண்டாவது எல்லைதான் வழக்கமாகக் குற்றவாளி. 741-இன் வெளியீடு ஒரு மைக்ரோ வினாடிக்கு 0.5 வோல்ட்டுக்கு மேல் நகர முடியாது. உச்சி 10 வோல்ட் உள்ள சைன் அலையை 8 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அதனால் முழுதாகத் தர முடியும். அதற்கு மேல் அலை முக்கோணமாக மாறுகிறது. வேறுபாடு அறிய வால்யூமைக் குறைத்துப் பார்க்க வேண்டும். சிறிய வெளியீட்டில் மழுக்கம் மறைந்தால் அது இந்த வேக எல்லை. மறையாவிட்டால், Rf-க்கு இணையாக யாரோ ஒரு மின்தேக்கி போட்டிருக்கிறார்களா என்று பலகையில் தேட வேண்டும், ஏனெனில் 100 பிகோஃபாரட் இருந்தாலே 100 கிலோ ஓமோடு சேர்ந்து 16 கிலோஹெர்ட்ஸிலிருந்து கெயின் குறையத் தொடங்கும், 470 பிகோஃபாரட் என்றால் 3.4 கிலோஹெர்ட்ஸிலிருந்தே. மின்தேக்கி காரணமானால் 2-ஆம் கால் அப்போதும் அமைதியாகவே இருக்கும். வேக எல்லை காரணமானால் ஆப்-ஆம்ப் துரத்திப் பிடிக்க முடியாமல் அங்கே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அலை எழும்பும்.

குறி: ஆட்டோவில் வைக்கும் 12 வோல்ட் பெட்டியில் 2-ஆம் கால் சுழியத்தில் இல்லை

ஒற்றை மின்வழங்கியில் ஓடும் எல்.எம்.358 சுற்றுகளில் 3-ஆம் கால் இரண்டு சம மின்தடைகளால் 6 வோல்ட்டில் நிறுத்தப்பட்டிருக்கும். அங்கே வெர்ச்சுவல் எர்த் என்பது 6 வோல்ட்தான். மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் வைக்காமல் 3-ஆம் காலில் வைத்து அளந்தால் மேலே சொன்ன கெயின் கணக்கு அப்படியே பொருந்தும். ஒரு முக்கிய வேறுபாடு, உள்ளீட்டில் வரிசையாக ஒரு மின்தேக்கி கட்டாயம் உண்டு. அது ஷார்ட் ஆகி, முன்னால் உள்ள நிலையும் எர்த்தில் நின்றால், 10 கிலோ ஓமின் மேல் 6 வோல்ட் விழும், வெளியீடு 66 வோல்ட்டுக்கு ஏற முயன்று 10.5 வோல்ட்டில் முட்டி நிற்கும். அந்த மின்தேக்கியின் ஒரு காலைத் தூக்கிவிட்டதும் வெளியீடு 6 வோல்ட்டுக்குத் திரும்பினால் மாற்ற வேண்டியது அதைத்தான்.